அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்

பயாப்ஸி ரிப்போர்ட் வரும் நாளில் அதை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. மகனோ மருமகனோ தம்பியோ ரசீதைக் காட்டி லேப் கவுன்டரில் உறையை வாங்குகிறார். அங்கேயே பிரித்து, ஆங்கிலத்தில் இருக்கும் நான்கைந்து வரிகளைச் செல்போனில் படமெடுத்து, தெரிந்த நர்ஸுக்கோ வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ அனுப்புகிறார். பதில் வந்ததும் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்: “வயித்துல புண்ணாம்ப்பா. மருந்து சாப்பிட்டா சரியாயிடுமாம்.”

இத்தனையும் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மறுநாள் ஓ.பி.யில் மகன் மட்டும் முதலில் உள்ளே வருகிறார். “அப்பா வெளிய உக்காந்திருக்காரு டாக்டர். கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. கேட்டா அன்னிக்கே போயிடுவாரு.” தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இந்த வேண்டுகோள் புதிதல்ல. அதன்பின் ஒரு பெரிய ஏற்பாடே உருவாகிறது. கட்டி என்பது ‘நீர்க்கட்டி’ ஆகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை ‘கரண்ட் வைக்கிறது’ ஆகிறது. கீமோதெரபி ‘சத்து ஊசி’ ஆகிறது. ஃபைலை நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. பக்கத்து படுக்கைக்காரரோடு பேசவிடக் கூடாது. இந்தக் காவலை மாதக்கணக்கில் காப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அந்த வீட்டில் நோயாளி மீது அதிகப் பாசம் வைத்திருப்பவர்கள்தான் இதில் முன்னால் நிற்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் யாருக்கும் பயன்படாது.

மறைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைப்பதும் தவறு. 1961-ல் சிகாகோவில் டொனால்ட் ஓக்கன் என்ற மனநல மருத்துவர் ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள் 219 பேரிடம் கேட்டபோது, சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் வேறொரு குழு அதேபோன்ற கேள்விகளைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் இப்படித் தலைகீழானதற்கு அமெரிக்கர்களின் மனம் திடீரென்று உறுதியாகிவிட்டது காரணமல்ல. சில புற்றுநோய்களுக்குப் பலன் தரும் சிகிச்சைகள் வந்தன. அவற்றுக்கு நோயாளியின் ஒத்துழைப்பும் கையெழுத்தும் தேவைப்பட்டன. நோயாளியின் உரிமை பற்றிய வழக்குகள் பெருகின. ஜப்பானில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. அந்நாட்டின் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு 1987-ல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு இருந்தது முன்சிறுகுடல் பகுதிப் புற்றுநோய் என்பதை, 1989 ஜனவரி 7 அன்று அவர் இறந்த பிறகுதான் அரண்மனை ஒப்புக்கொண்டது. நாட்டின் அரசருக்கே அவருடைய நோய் சொல்லப்படவில்லை.

ஆக, குடும்பங்களின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது. ஸ்வீடனில் அறுபது லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. புற்றுநோய் என்று உறுதியான முதல் வாரத்தில், நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் தற்கொலை ஆபத்து பன்னிரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. எண்ணிக்கையில் பார்த்தால், ஐந்து லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளில் அந்த முதல் வாரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் 29 பேர். மிக அரிது; ஆனாலும் கற்பனை இல்லை. “சொன்னா ஏதாவது பண்ணிக்குவாரு” என்று மகள் அழுதால், அந்த அழுகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்கிறோம், சொன்ன பிறகு யார் கூட இருக்கிறார்கள், அடுத்த சில நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதில்தான் அந்தப் பதில் இருக்கிறது.

நம் பயத்துக்கு வேறு வேர்களும் உண்டு. புற்றுநோய் வந்த கதாநாயகன் இருமி, ரத்தம் கக்கி, கடைசிக் காட்சியில் சாவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஊரில் பார்த்ததும் அதேதான்: முற்றிய நிலையில் கண்டுபிடித்து, சில மாதங்களில் வலியோடு போன சித்தப்பா, பெரியம்மா. ‘நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்க’ தங்களுக்கு வந்தது என்ன நோய் என்று வெளியே சொல்வதே இல்லை. அதனால் பிழைத்தவர்கள் ஊர்க்கண்ணில் படுவதில்லை, இறந்தவர்கள் மட்டும் நினைவில் நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கும் வீட்டில் ‘பரம்பரை நோய்’ என்ற பேச்சு வந்துவிடுமே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

சரி, மறைத்தால் என்ன ஆகிறது? முதலில், மறைவதில்லை. வாசலில் பெரிய எழுத்தில் புற்றுநோய் மையம் என்று போர்டு இருக்கிறது. வார்டில் எல்லோருக்கும் முடி கொட்டியிருக்கிறது. ‘கரண்ட்’ வைக்கக் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர், “உங்களுக்கு எந்த இடத்துல?” என்று சாதாரணமாகக் கேட்கிறார். பத்து வருடமாக வராத அத்தை பஸ் பிடித்து வந்து ஆப்பிள் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். இவர் எழுந்து கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுபோகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இவ்வளவும் படிக்கத் தெரியும்.

பார்னி கிளேஸர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் இருந்தவர்களைக் கவனித்து 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் பார்த்த நிலைகளில் ஒன்று நம் வீடுகளை அப்படியே காட்டுகிறது. நோயாளிக்குத் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல இருவரும் நடிக்கிறார்கள். பையன் தாங்க மாட்டான் என்று அப்பா பேசாமல் இருக்கிறார். அப்பா தாங்க மாட்டார் என்று பையன் பேசாமல் இருக்கிறான். பயத்தைச் சொல்லி அழ அவருக்கு ஆளில்லை. கடன் யாரிடம் எவ்வளவு, பத்திரம் எந்த பெட்டியில், சின்ன மகளுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பேசத் தொடங்கினால், “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா, நீங்க நல்லாயிடுவீங்க” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நோயின் வேதனையை மருந்தால் ஓரளவு குறைக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே தனியாகக் கிடக்கும் இந்த வேதனைக்கு மருந்து கிடையாது.

இன்னொரு கெடுதல் இருக்கிறது. அதைக் குடும்பங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை: குணமாகக்கூடிய நோயையும் மறைப்பு கெடுத்துவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற கட்டத்தைத் தாண்டியிருந்தாலும், உடலின் தொலைதூர இடங்களுக்குப் பரவாத வரை, இதைக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் வெளிக் கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒரு கீமோ. அதன்பின் பிறப்புறுப்பு வழியாகக் கருவி வைத்துச் செய்யும் உள் கதிர்வீச்சு. எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கட்டி மீண்டும் தலைதூக்கும், குணமாகும் வாய்ப்பு குறையும்.

‘கர்ப்பப்பையில புண்ணு’ என்று மட்டும் சொல்லப்பட்ட பெண் இந்தச் சிகிச்சைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிடுகிறது. அதுதான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த தொந்தரவு. அது போய்விட்டது. ஆனால் பேதியும் சோர்வும் வந்திருக்கின்றன. வீட்டில் மாடு இருக்கிறது, நூறு நாள் வேலை இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது. புண் ஆறிய பிறகு எதற்கு தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்? அவர் நிறுத்திவிடுகிறார். அவருக்குச் சொல்லப்பட்ட கதையின்படி அது முழுக்க நியாயமான முடிவு. ஆறு மாதம் கழித்து இடுப்பு வலியோடும் கால் வீக்கத்தோடும் திரும்பி வரும்போது, முன்பு தர முடிந்ததை இப்போது தர முடியாது. “எங்களுக்கு வந்திருக்கிறது கேன்சர், இதைச் சரிபண்ண முடியும், ஆனா ஒரு நாள்கூட விடாம வரணும்” என்ற மூன்று செய்திகளும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். முதலாவதை மறைத்ததால் மூன்றாவதற்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் ஓர் இடம் வேடிக்கையாக நழுவுகிறது. நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் நோயாளி, அவருடைய உறவினர் ‘அல்லது’ பொறுப்புள்ள நண்பர் அதை அறிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த ‘அல்லது’வின் நிழலில்தான் பல மருத்துவர்கள் மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். சம்மதம் என்று வரும்போது உச்ச நீதிமன்றம் இவ்வளவு நெகிழ்வாக இல்லை. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு மருத்துவர் அகற்றியிருந்தார். சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உள்ள, வயது வந்த ஒருவருக்காக, அவசர ஆபத்து இல்லாதபோது, தாயே ஆனாலும் சம்மதம் தர முடியாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. புற்றுநோய் மருந்துக்கான படிவத்தில் ‘சத்து ஊசி’ என்று நம்பி வைக்கப்படும் கைநாட்டை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் பார்த்தால் மருத்துவமனைகளுக்கு உறுத்த வேண்டும். கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒப்புக்கொண்டது. தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவர் அதை எப்படி எழுதுவார்?

ஆனால் சட்டப் புத்தகத்தை நீட்டி, “உங்கள் அப்பாவுக்குச் சொல்லியே தீருவேன்” என்று மருத்துவர் கிளம்புவதும் கொடுமைதான். தெரிந்துகொள்ள உரிமை இருப்பதுபோல, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. “எதுவா இருந்தாலும் பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, நான் கேட்டு என்னத்த பண்ணப்போறேன்” என்று சொல்லும் பாட்டிகள் நம் ஊரில் நிறைய. அந்தப் பாட்டியின் முடிவு அவருடையது, மதிக்கப்பட வேண்டியது. குடும்பம் தானாக மறைப்பதற்கும், அவரே பொறுப்பை ஒப்படைப்பதற்கும் இடையே உள்ள தூரம் ஒரே ஒரு கேள்விதான். நம் வீடுகளில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை.

மறைத்தது நல்லதாகவே முடிந்த கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. சீன அமெரிக்க இயக்குநர் லூலு வாங்கின் பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்று மாதம் தாங்கும் என்றார்கள். குடும்பம் பாட்டியிடம் சொல்லவில்லை. எல்லோரும் ஊருக்கு வந்து விடைபெற ஒரு சாக்கு வேண்டுமே என்று அவசரமாக ஒரு கல்யாணத்தை ஏற்பாடு செய்தார்கள். அதை வைத்து அவர் 2019-ல் எடுத்த ‘தி ஃபேர்வெல்’ படம் வெளியானபோது, பாட்டி உயிரோடு இருந்தார். அந்தக் குடும்பத்தின் அன்பைப் பார்த்து யாரும் நெகிழத்தான் செய்வார்கள். ஆனால் மூன்று மாதம் என்ற கணிப்பு தவறியதுதான் அங்கே பாட்டிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மறைத்ததால் ஆயுள் கூடியது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பாட்டி என்ன விரும்பியிருப்பார் என்பதும் அங்கே கேட்கப்படாத கேள்விதான்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? பிரிட்டனில் ஆன் ஃபாக்னர், பீட்டர் மகுவையர் ஆகியோர் 1988-ல் மருத்துவர்களுக்காக ஒரு வழியை எழுதிவைத்தார்கள். வலி நிவாரணப் பிரிவுகளில் இன்றும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகிறார்கள். மறைக்கும் குடும்பத்தோடு மோதாமல், அவர்களுடைய காரணத்தை முதலில் முழுவதும் கேட்பதுதான் அதன் தொடக்கம். எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஓ.பி.க்களில் திரும்பத் திரும்ப நடப்பதை வைத்து ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணம் பக்கம் நெல் வியாபாரம் செய்த பெரியவர், வயது அறுபத்திரண்டு. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை, இப்போது கஞ்சியும் நிற்கிறது. உணவுக்குழாயில் புற்று, கல்லீரலுக்குப் பரவிவிட்டது. குடும்பம் ‘புண்’ என்று சொல்லி வைத்திருக்கிறது.

மகன் வழக்கமான வேண்டுகோளோடு வருகிறார். மருத்துவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. “சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்கிறார்.

“தாங்க மாட்டாரு மேடம். எங்க சித்தப்பா இதே நோயில போனப்ப கூட இருந்து பாத்தவரு.”

“உங்க பயம் நியாயம்தான். உங்களைக் கேக்காம நான் எதையும் போட்டு உடைக்க மாட்டேன். வீட்ல எப்படிப் போகுது? நீங்க எப்படி இருக்கீங்க?”

இந்தக் கடைசிக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. சாயந்திரத்தில் அப்பா பக்கத்தில் உட்கார முடியவில்லை, வேலை இருப்பதாகச் சொல்லிக் கடைத்தெருவில் சுற்றிவிட்டு அவர் தூங்கிய பிறகு வருகிறார். அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் அப்பா கேட்டாராம்: “ஏன்டா, புண்ணுக்கு இத்தனை தடவ ஸ்கேன் எடுப்பாங்களா?”

மருத்துவர் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். “அவரே கேக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் ஒண்ணு மட்டும் செய்யட்டுமா? அவர் என்ன நினைக்கிறாருன்னு கேக்கிறேன். நீங்களும் கூட இருங்க. தெரிஞ்சுக்க வேணாம்னா அதோட நிறுத்திக்கிறேன். ஆனா அவரே நேரா கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்.” மகன் தலையாட்டுகிறார். சில வீடுகளில் இந்தத் தலையாட்டல் முதல் நாளிலேயே கிடைக்காது; இரண்டு மூன்று முறை பேச வேண்டியிருக்கும். குணப்படுத்தும் சிகிச்சை காத்திருக்க முடியாத நிலை தவிர, மற்ற இடங்களில் அந்த அவகாசத்தைக் கொடுக்கலாம்.

பெரியவர் உள்ளே வருகிறார். கதவு சாத்தப்படுகிறது, செல்போன்கள் அணைக்கப்படுகின்றன. மருத்துவர் நாற்காலியை இழுத்து, அவர் கண்மட்டத்துக்கு உட்காருகிறார். ஃபைலைத் திறக்கவில்லை.

“ஐயா, உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?”

“புண்ணுங்கிறாங்க.” கொஞ்சம் பொறுத்து, “புண்ணுனா மூணு மாசத்துல பதினஞ்சு கிலோ கொறையுமா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“பெரிய வியாதியாத்தான் இருக்கும்.”

“சில பேர் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்பாங்க. சில பேர், மகன்கிட்ட பேசிக்கிடுங்க, எனக்கு வேணாம்பாங்க. ரெண்டும் சரிதான். நீங்க எப்படி?”

“சொல்லிடுங்க. எனக்கு ரெண்டு எடத்துல பாக்கி இருக்கு.”

“நல்ல சேதி இல்லீங்கய்யா.” இங்கே ஒரு நிறுத்தம். அந்தச் சில நொடிகளில் அவர் தன்னைப் பிடித்துக்கொள்கிறார். “நீங்க நினைச்சது சரி. உணவுக்குழாயில இருக்கிறது புற்றுநோய்.”

அதற்கடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய கடினமான வேலை, பேசாமல் இருப்பது. பதற்றத்தில் உடனே மருந்து, ஊசி, சதவீதம் என்று கொட்டினால் எதுவும் காதில் ஏறாது. பெரியவர் ஜன்னல் பக்கம் பார்க்கிறார். பிறகு மகன் பக்கம் திரும்புகிறார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“மூணு வாரமாப்பா.”

“தனியாவா வச்சுக்கிட்டு இருந்த?”

எல்லா வீட்டிலும் இப்படி நடந்துவிடாது. சிலர் கோபப்படுவார்கள்: “என் உடம்பப் பத்தி எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க.” சிலர் மறுநாள் காலையில் எதுவுமே கேட்காததுபோல, “இந்தப் புண்ணு எப்ப ஆறும்?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் பிடிவாதமாகத் திருத்தக் கூடாது. மனம் தாங்குகிற அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. அவர் மறுபடி கேட்கும்போது மறுபடி சொல்லலாம். ‘எத்தனை நாள் இருப்பேன்?’ என்பதற்கும் தேதி குறிப்பது தவறு. இரண்டு பக்கமும் கணிப்புகள் பிசகும். வருஷக்கணக்கா, மாசக்கணக்கா, வாரக்கணக்கா என்ற அளவில் சொல்வது நேர்மையாகவும் இருக்கும், திட்டமிடவும் உதவும்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது: “இனிமே ஒண்ணும் செய்ய முடியாது.” அது பொய்யும்கூட. இந்தப் பெரியவருக்குக் குணமாக்கும் வைத்தியம் இல்லை. ஆனால் உணவுக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தால் கஞ்சியும் குழைந்த சோறும் இறங்கும். வலி வந்தால் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி கட்டுப்படும். வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவையை, 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். கெட்ட செய்திக்குப் பின்னால் இவற்றையும் சொல்லி, அடுத்த சந்திப்பு என்றைக்கு என்பதையும் சொல்லி அனுப்பினால், நோயாளி கைவிடப்பட்டதாக உணர மாட்டார்.

முதல் வாரத்தின் ஆபத்தைப் பற்றி மகளுக்குத் தர வேண்டிய பதிலும் இங்கேதான் வருகிறது. அந்த நாட்களில் அவரைத் தனியே விட வேண்டாம். வயல்வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் அதை அப்புறப்படுத்த வேண்டும். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். “நான் உங்களுக்குப் பாரம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தூக்கமே இல்லாமல் இருந்தாலோ, “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். வலி அடங்காமல் இருப்பதே சாக நினைப்பதற்குப் பல நேரம் காரணம் என்பதால், வலிக்கான மருந்தைச் சரிசெய்வதும் இதில் சேர்த்தி.

ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் அரசு ஓ.பி.யில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. நடுப்பகலில், நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கும்போது நடக்காது. அதனால் குடும்பமே கொஞ்சம் முன்கை எடுக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்துக்குத் தனியாக நேரம் கேட்கலாம். வலி நிவாரணப் பிரிவு இருந்தால் அங்கே பேசலாம். அங்கிருக்கும் செவிலியரும் மருத்துவ சமூகப் பணியாளரும் இந்தப் பேச்சில் பழகியவர்கள். மருத்துவர் சொல்வதைவிட, மூத்த மகளோ நம்பிக்கையான மைத்துனரோ வீட்டிலேயே சொல்வது நல்லது என்று பட்டால், மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டு அவர்களே தொடங்கலாம். தொடங்க ஒரு கேள்வி போதும்: “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னு இருக்காம்மா?”

எல்லாவற்றையும்விட எளிய நேரம் ஒன்று இருக்கிறது. அதை நம் மருத்துவமனைகள் தவறவிடுகின்றன. சதை எடுத்து பரிசோதனைக்கு அனுப்பும் நாள் அது. அன்று முடிவு யாருக்கும் தெரியாது. மறைக்க எதுவும் இல்லை. குடும்பத்துக்குள் ரகசியம் பிறக்கவில்லை. அன்றைக்கே நோயாளியைப் பார்த்து, குடும்பத்தார் முன்னிலையில், “ரிசல்ட் வர பத்து நாளாகும். வந்ததும் உங்ககிட்ட சொல்லட்டுமா, மகன்கிட்ட சொல்லட்டுமா, இல்ல ரெண்டு பேரையும் உக்காரவச்சு சொல்லட்டுமா?” என்று மருத்துவர் கேட்டுவிடலாம். கிடைக்கும் பதிலை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிடலாம். லேப் கவுன்டரில் ரிப்போர்ட்டை யாரிடம் கொடுப்பது என்பதும் அந்தப் பதிலைப் பார்த்தே முடிவாக வேண்டும்.